விற்பனை இறங்கினால் பட்ஜெட்டும் இறங்க வேண்டும்: பனியன் கம்பெனிக் கணக்கில் நெகிழ்வு பட்ஜெட்

மாதம் முடிந்ததும் கணக்குப்பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து முதலாளி மேசையில் வைக்கிறார். துணிச் செலவு பட்ஜெட்டை விடக் குறைவு. தையல் கூலி குறைவு. நூல், லேபிள், பாலிபேக் குறைவு. கரண்டு பில்லும் குறைவு. மொத்தச் செலவில் 2,09,500 ரூபாய் மிச்சம். ஆனால் கடைசி வரியில் லாபம் 2,43,000 வர வேண்டிய இடத்தில் 76,500தான் இருக்கிறது. செலவெல்லாம் மிச்சம், லாபமும் காணோம். எப்படி?

திருப்பூர்ப் பக்கத்துச் சின்ன பனியன் கம்பெனிகளில் இந்தத் தாளை அடிக்கடி பார்க்கலாம். கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. 10,000 டி-ஷர்ட்டுக்குப் போட்ட பட்ஜெட்டை, 8,000 டி-ஷர்ட் விற்ற மாதத்தோடு ஒப்பிட்டதுதான் கோளாறு. 2,000 பீஸ் தைக்கவே இல்லை என்றால் அதற்கான துணியும் கூலியும் செலவாகியிருக்காது. அது மிச்சம் ஆகாது, வேலை நடக்கவில்லை, அவ்வளவுதான்.

மாத ஆரம்பத்தில் ஒரே ஒரு விற்பனை அளவை வைத்துப் போட்டு, கடைசிவரை மாற்றாமல் வைத்திருப்பது நிலையான பட்ஜெட். உண்மையில் எத்தனை விற்றதோ அந்த அளவுக்கு, அதே பட்ஜெட் விலைகளையும் அளவுகளையும் வைத்து மறுபடி போட்டுப் பார்ப்பது நெகிழ்வு பட்ஜெட். கல்லூரிப் பாடத்தில் ஃபிக்ஸட் பட்ஜெட், ஃபிளெக்ஸிபிள் பட்ஜெட் என்று படித்தவர்கள் இருப்பீர்கள், அவையேதான். இந்தக் கட்டுரையில் ஒரு கம்பெனியின் ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு, இரண்டையும் போட்டுப் பார்ப்போம். கம்பெனி கற்பனை, எண்கள் கணக்குக்கு வசதியாக நான் வைத்தவை. செலவுத் தலைப்புகளும் அவை நடந்துகொள்ளும் விதமும் மட்டும் நிஜம்.

## முதலில் செலவைப் பிரிக்க வேண்டும்

உள்ளூர் மார்க்கெட்டுக்கு ரவுண்டு நெக் டி-ஷர்ட் தைக்கும் கம்பெனி. ஆர்டருக்குத்தான் தைக்கிறது, அதனால் தைத்ததெல்லாம் அந்த மாதமே விற்றுவிடும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 பீஸ், பீஸ் 180 ரூபாய் என்பது பட்ஜெட். ஜி.எஸ்.டி. இதில் சேராது. அது அரசாங்கத்துக்குப் போகும் பணம், விற்பனையில் சேர்த்துவிட்டால் கணக்கு முழுக்கக் கெட்டுப்போகும்.

ஒவ்வொரு செலவையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நாளைக்கு ஒரு பீஸ் கூடுதலாகத் தைத்தால் இந்தச் செலவு கூடுமா?’

துணி கூடும். கட்டிங் வேஸ்ட்டையும் சேர்த்து ஒரு பீஸுக்கு 200 கிராம், கிலோ 400 ரூபாய் என்று பட்ஜெட். ஆக பீஸுக்கு 80 ரூபாய். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் பீஸ் ரேட்டில், மொத்தம் 32 ரூபாய். நூல், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி 10 ரூபாய். ஏஜெண்ட் கமிஷன் விற்பனையில் 5 சதவீதம், அதாவது 9 ரூபாய். இவை மாறும் செலவுகள்.

கூலி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கூலி என்றாலே மாறும் செலவு என்று பாடத்தில் படித்ததை அப்படியே எழுதிவிடுகிறார்கள். டெய்லருக்குப் பீஸ் ரேட் கொடுத்தால்தான் அது சரி. ஷிப்ட் சம்பளம் கொடுக்கும் கம்பெனியில், ஆர்டர் குறைந்த வாரத்திலும் வந்து உட்கார்ந்த டெய்லருக்குச் சம்பளம் உண்டு. அங்கே அந்தச் சம்பளம் பீஸோடு ஏறி இறங்காது. செலவின் பெயரைப் பார்த்துப் பிரிக்காமல், பணம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பார்த்துப் பிரியுங்கள்.

வாடகை 60,000, சூப்பர்வைசரும் ஆபீஸ் ஆட்களும் 1,20,000, மெஷின் தேய்மானமும் கடன் வட்டியும் 40,000. ஆக 2,20,000. எத்தனை பீஸ் தைத்தாலும் இது வரும். இவை நிலைச் செலவுகள்.

மிச்சம் இருப்பது கரண்டு பில்.

## கரண்டு பில்லை இரண்டாகப் பிளப்பது

கரண்டு பில் இரண்டு பக்கமும் சேராது. இணைப்பு வாங்கிய லோடுக்கு ஒரு நிலைக் கட்டணம் உண்டு, மெஷின் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். அதன் மேல், எரித்த யூனிட்டுக்குத் தனிக் கட்டணம். ஆபீஸ் லைட்டும் ஃபேனும் எப்படியும் எரியும், ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷின்களும் அயர்ன் டேபிளும் வேலைக்குத் தகுந்தபடி எரிக்கும். இப்படிப்பட்டவற்றைக் கலப்புச் செலவு என்பார்கள். போன் பில், வண்டி வாடகை போன்றவையும் பல கம்பெனிகளில் இதே ரகம்தான்.

பிளப்பதற்கு எளிய வழி, பழைய பில்களில் அதிக பீஸ் தைத்த மாதத்தையும் குறைந்த பீஸ் தைத்த மாதத்தையும் எடுப்பது. நம் கம்பெனியில் 11,000 பீஸ் தைத்த மாதம் பில் 28,500. 6,000 பீஸ் தைத்த மாதம் 21,000. பீஸில் வித்தியாசம் 5,000, பணத்தில் வித்தியாசம் 7,500. வகுத்தால் பீஸுக்கு 1.50 ரூபாய். 6,000 பீஸுக்கு அந்தக் கணக்கில் 9,000 ஆகிறது, பில்லோ 21,000. ஆக மீதி 12,000 நிலையான பகுதி. 11,000 பீஸ் மாதத்தில் வைத்துச் சரிபாருங்கள்: 16,500, அதோடு 12,000, சரியாக 28,500.

இரண்டே மாதத்தை வைத்து முடிவுகட்டுவதால் இந்த வழிக்கு ஒரு பலவீனம் உண்டு. அந்த இரண்டில் ஒன்று ஏடாகூடமான மாதமாக இருந்தால் விடையும் ஏடாகூடமாகத்தான் வரும். நடுவில் கட்டண உயர்வு வந்திருக்கலாம், பழைய பாக்கி பில்லில் ஏறியிருக்கலாம், ரீடிங் எடுத்த தேதி தள்ளிப்போயிருக்கலாம். அதனால் இன்னொரு சாதாரண மாதத்தை எடுத்துக் கணக்கை ஓட்டிப் பாருங்கள். 9,000 பீஸ் தைத்த மாதத்துக்கு 25,500க்கு அக்கம்பக்கம் பில் வந்திருந்தால் நம்பலாம். 32,000 வந்திருந்தால் எடுத்த மாதங்களில் ஏதோ ஒன்று சரியில்லை. எப்படியும் பில்லில் நிலைக் கட்டணம் தனி வரியாக இருக்கும், அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 12,000 அந்த வரியை விடக் குறைவாக வந்தால் கண்டிப்பாகத் தப்பு.

## இப்போது ஒரே சூத்திரம்

எல்லாச் செலவும் பிரிந்தாயிற்று. பீஸுக்கு 80 + 32 + 10 + 9 + 1.50 = 132.50 ரூபாய். மாதத்துக்கு 2,20,000 + 12,000 = 2,32,000 ரூபாய். நெகிழ்வு பட்ஜெட்டின் மொத்தச் செலவு இந்த இரண்டு எண்ணிலிருந்துதான் வருகிறது: பீஸ் எண்ணிக்கை × 132.50 + 2,32,000.

10,000 பீஸுக்குச் செலவு 15,57,000. விற்பனை 18,00,000. லாபம் 2,43,000. இதுதான் மாத ஆரம்பத்தில் போட்ட நிலையான பட்ஜெட். 8,000 பீஸுக்குச் செலவு 12,92,000, விற்பனை 14,40,000, லாபம் 1,48,000.

எக்செல்லில் போடுவதும் சுலபம். B1 கட்டத்தில் விற்ற பீஸ் எண்ணிக்கை. நாலாவது வரியிலிருந்து A-யில் செலவின் பெயர், B-யில் பீஸுக்கு எவ்வளவு, C-யில் மாதத்துக்கு எவ்வளவு. D-யில் இந்த ஒரே சூத்திரத்தை எழுதிக் கீழே இழுத்துவிடலாம்.

```
=$B$1*B4+C4
```

துணிக்கு C-யில் 0 இருக்கும், வாடகைக்கு B-யில் 0 இருக்கும், கரண்டுக்கு இரண்டிலும் எண் இருக்கும். B1-ல் 8000 என்று மாற்றினால் பட்ஜெட் முழுக்க மாறும். டாலர் குறி விட்டுப்போனால் கீழே இழுக்கும்போது B2, B3 என்று நகர்ந்துகொண்டே போகும். எண் வராமல் 0 வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் ஒரு தவறு ரொம்பவே நைசாக நுழையும். ‘10,000 பீஸுக்கு நிலைச் செலவு 2,32,000, ஆக பீஸுக்கு 23.20’ என்று வகுத்து, அதை மாறும் செலவோடு சேர்த்துப் பீஸ் அடக்கம் 155.70 என்று எழுதிவைப்பார்கள். விலை சொல்ல அந்த எண் தேவைப்படலாம். அதையே எடுத்து 8,000-ஆல் பெருக்கினால் நிலைச் செலவு 1,85,600 என்று வரும். கட்டட ஓனர் வாடகையைக் குறைக்கவில்லை, சூப்பர்வைசர் சம்பளத்தைக் குறைக்கவில்லை, கணக்கில் மட்டும் 46,400 ரூபாய் காணாமல் போய்விட்டது. நெகிழ்வு பட்ஜெட்டில் நிலைச் செலவு எப்போதும் மொத்தத் தொகையாகவே இருக்க வேண்டும். பீஸுக்கு இவ்வளவு என்று அதை வகுத்த கையோடு பட்ஜெட் கெட்டுவிடும்.

இன்னொன்று, நெகிழ்வு பட்ஜெட்டில் மாறுவது எண்ணிக்கை ஒன்றுதான். துணி கிலோ 410-க்கு வாங்கியிருந்தாலும் பட்ஜெட்டில் 400-தான் இருக்க வேண்டும். ‘நடந்ததுக்குத் தகுந்த மாதிரி மாற்றுவதுதானே’ என்று விலையையும் மாற்றிவிட்டால், பட்ஜெட்டும் நடந்ததும் ஒன்றாகிவிடும். அப்புறம் ஒப்பிட என்ன இருக்கிறது?

## மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

| தலைப்பு | நிலையான பட்ஜெட் (10,000) | நெகிழ்வு பட்ஜெட் (8,000) | நடந்தது (8,000) |
|---|---|---|---|
| விற்பனை | 18,00,000 | 14,40,000 | 14,24,000 |
| துணி | 8,00,000 | 6,40,000 | 6,88,800 |
| பீஸ் ரேட் கூலி | 3,20,000 | 2,56,000 | 2,60,000 |
| நூல், லேபிள், பேக்கிங் சாமான் | 1,00,000 | 80,000 | 79,000 |
| கமிஷன் | 90,000 | 72,000 | 71,200 |
| கரண்டு | 27,000 | 24,000 | 25,500 |
| வாடகை, சம்பளம், தேய்மானம், வட்டி | 2,20,000 | 2,20,000 | 2,23,000 |
| மொத்தச் செலவு | 15,57,000 | 12,92,000 | 13,47,500 |
| லாபம் | 2,43,000 | 1,48,000 | 76,500 |

முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் பாருங்கள். அந்த ஒப்பீட்டில் பட்ஜெட்டைத் தாண்டியிருக்கும் செலவுத் தலைப்பு ஒன்றே ஒன்றுதான்: வாடகை, சம்பள வரிசையில் 3,000 ரூபாய். முதலாளி யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்? ஆபீஸ் ஆளைத்தான். பிரிண்டருக்கு மை வாங்கியது, டீச் செலவு என்று அரைமணி நேரம் பேச்சு ஓடும். துணிக் கணக்கில் 1,11,200 மிச்சம் என்று இருப்பதால் அந்தப் பக்கம் யாரும் திரும்பக்கூட மாட்டார்கள்.

இப்போது நடுப் பத்தியை வைத்து ஒப்பிடுங்கள். 8,000 பீஸுக்குத் துணி 6,40,000-க்குள் முடிந்திருக்க வேண்டும், ஆனது 6,88,800. மிச்சம் என்று நினைத்த இடத்தில் 48,800 அதிகம். கூலியில் 4,000 அதிகம், கரண்டில் 1,500 அதிகம். லேபிள் பக்கம் 1,000 உண்மையாகவே குறைவு. கமிஷனில் 800 குறைவு, ஆனால் அதற்குச் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. பீஸ் 180-க்குப் பதில் 178-க்குப் போனதால் கமிஷனும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. விற்பனையில் 16,000 விட்டுக்கொடுத்த பிறகு வந்த 800 அது.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தக் கம்பெனியில் தைத்ததும் விற்றதும் ஒரே எண் என்று வைத்தோம். ஸ்டாக் வைத்து விற்கும் கம்பெனியில் 9,000 தைத்து 8,000 விற்றிருக்கலாம். அப்போது கூலியும் கரண்டும் 9,000-ஐப் பார்த்து ஓடும், கமிஷன் 8,000-ஐப் பார்த்து ஓடும். ஒரே B1 கட்டம் போதாது. தைத்ததற்கு ஒன்று, விற்றதற்கு ஒன்று என்று இரண்டு கட்டம் வையுங்கள். கையிருப்பில் நிற்கும் 1,000 பீஸின் துணியும் கூலியும் இந்த மாத லாபத்தில் கழியக் கூடாது, அவை ஸ்டாக் மதிப்பில் போய் உட்கார வேண்டும்.

## லாபம் குறைந்ததை இரண்டாகப் பிரிப்பது

பட்ஜெட் லாபம் 2,43,000. கிடைத்தது 76,500. குறைவு 1,66,500. இதை ஒரே தொகையாக வைத்துக்கொண்டு பேசினால், தையல் பக்கம் விற்பனையைக் கை காட்டும், விற்பனைப் பக்கம் தையலைக் கை காட்டும். நடுவில் இருக்கும் 1,48,000-தான் பஞ்சாயத்தைத் தீர்க்கும்.

2,43,000-லிருந்து 1,48,000-க்கு இறங்கிய 95,000 முழுக்க அளவு குறைந்ததால் வந்தது. சரிபார்க்க ஒரு குறுக்கு வழி: ஒரு பீஸ் விற்றால் 180-ல் 132.50 போக 47.50 நிற்கும். 2,000 பீஸ் விற்கவில்லை. 2,000 × 47.50 = 95,000. இது பொருந்தாவிட்டால் உங்கள் தாளில் எங்கோ நிலைச் செலவு அளவோடு சேர்ந்து மாறியிருக்கிறது என்று அர்த்தம். நான் எந்த நெகிழ்வு பட்ஜெட்டைப் பார்த்தாலும் முதலில் போட்டுப் பார்ப்பது இந்தப் பெருக்கலைத்தான்.

1,48,000-லிருந்து 76,500-க்கு இறங்கிய 71,500, அந்த 8,000 பீஸை நடத்திய விதத்தில் வந்தது. விலையில் 16,000, செலவில் 55,500. ஆர்டர் ஏன் குறைந்தது என்பதை ஆர்டர் பிடிக்கிறவரிடம் கேட்க வேண்டும். வந்த ஆர்டரில் ஏன் 55,500 கூடுதலாகச் செலவானது என்பதை ஃபேக்டரிக்குள் கேட்க வேண்டும். இரண்டுக்கும் பதில் சொல்லும் ஆள் வேறு வேறு.

## துணிக் கணக்கை இன்னும் கொஞ்சம் தோண்டுவோம்

55,500-ல் பெரிய பங்கு துணி, 48,800. எல்லா வரியையும் ஒரே அளவுக்குத் தோண்டிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இல்லை. பெரியதைப் பிடித்தால் போதும்.

பில்லையும் கட்டிங் ரெஜிஸ்டரையும் எடுத்தால், 1,680 கிலோ துணி, கிலோ 410 ரூபாய். பட்ஜெட்படி 8,000 பீஸுக்கு 1,600 கிலோ, கிலோ 400. விலை கூடியதால் ஆனது 1,680 × 10 = 16,800. அளவு கூடியதால் ஆனது 80 × 400 = 32,000. கூட்டினால் 48,800.

விலையில் வந்த 16,800-க்கு உள்ளே யாரையும் குறை சொல்ல முடியாது. மாதம் பிறந்ததும் நூல் மில்கள் விலையை ஏற்றினால், துணி விலையும் பின்னாலேயே ஏறும். பட்ஜெட் போட்ட தேதிக்கும் துணி வாங்கிய தேதிக்கும் நடுவில் நடந்த கதை இது. ஆர்டரை ஒப்புக்கொண்ட அன்றே துணிக்கு விலை பேசி வைத்திருக்கலாமா என்று வேண்டுமானால் யோசிக்கலாம்.

80 கிலோதான் கண்ணை உறுத்துகிறது. பட்ஜெட்டை விட 5 சதவீதம் அதிகம். துணி அதிகம் போனால் எல்லாரும் முதலில் பார்ப்பது கட்டிங் மாஸ்டரைத்தான். துணியை அடுக்கி விரிக்கும் லே சரியாகப் போடவில்லை, வெட்டும் வடிவங்களை அடுக்கி வரையும் மார்க்கரில் இடம் விட்டுவிட்டார், ஓரம் அதிகமாக வெட்டிவிட்டார் என்பார்கள். அப்படியும் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் சைஸ் விவரத்தைப் பார்க்க வேண்டும்.

பட்ஜெட்டில் போட்ட 200 கிராம் எங்கிருந்து வந்தது? எம் சைஸுக்கு 190 கிராம், எல் சைஸுக்கு 210 கிராம், இரண்டும் பாதிக்குப் பாதி வரும் என்று வைத்த சராசரி அது. இந்த மாதம் உண்மையில் தைத்தது எம் 2,500, எல் 3,500, எக்ஸ்எல் 2,000. எக்ஸ்எல் ஒன்றுக்கு 230 கிராம் ஆகும். பெருக்கிப் பார்த்தால் 475 கிலோ, 735 கிலோ, 460 கிலோ. மொத்தம் 1,670 கிலோ. சைஸ் விவரப்படி 1,670 கிலோ போயிருக்கவே வேண்டும். ஆக 80 கிலோவில் 70 கிலோ சைஸ் பெருத்ததால் போனது, 28,000 ரூபாய். கட்டிங்கில் கூடுதலாக வீணானது 10 கிலோ, 4,000 ரூபாய்.

நிலையான பட்ஜெட்டை மட்டும் பார்த்தவர் துணியில் ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம் என்று நினைத்தார். பீஸ் எண்ணிக்கையை வைத்து நெகிழ்வு பட்ஜெட் போட்டவர் கட்டிங் மாஸ்டர் 32,000 ரூபாய்த் துணியை வீணாக்கினார் என்று நினைத்தார். இரண்டுமே தப்பு. எண்ணிக்கைக்குத் தகுந்தபடி மாற்றினால் போதாது, எந்த எண்ணிக்கையைப் பார்த்து அந்தச் செலவு ஓடுகிறதோ அதைப் பார்த்து மாற்ற வேண்டும். துணி சைஸைப் பார்த்து ஓடுகிறது, கமிஷன் விற்ற ரூபாயைப் பார்த்து ஓடுகிறது, பாலிபேக், பீஸ் ரேட் கூலி போன்றவைதான் பீஸைப் பார்த்து அப்படியே ஓடுகின்றன.

## எந்த அளவுவரை இந்தச் சூத்திரம் செல்லும்

நம் 132.50-உம் 2,32,000-உம் 6,000 பீஸிலிருந்து 11,000 பீஸ்வரை பார்த்த மாதங்களிலிருந்து வந்தவை. அதற்கு வெளியே போனால் சூத்திரம் எண்ணைத் தரும், அந்த எண்ணுக்கு ஜாமீன் தராது.

இந்தக் கம்பெனியின் மெஷின்களில் பகல் ஷிப்டில் 12,000 பீஸ்தான் முடியும் என்று வைப்போம். தீபாவளிக்கு 13,000 ஆர்டர் வருகிறது. சூத்திரப்படி செலவு 19,54,500, லாபம் 3,85,500. ஆனால் கடைசி 1,000 பீஸுக்கு ராத்திரி ஷிப்ட் போட வேண்டும், அதற்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டும். அவருக்கு 18,000 சம்பளம் என்றால், ஒரு பீஸ் தைத்தாலும் 18,000, ஆயிரம் தைத்தாலும் 18,000. நிலைச் செலவு அந்த இடத்தில் ஒரு படி ஏறுகிறது. பகல் ஆட்களையே நீட்டி வேலை வாங்கினால் ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைக் கூலி, பீஸுக்கு 32 என்ற கணக்கு அங்கே நிற்காது. எக்செல்லில் இதற்கு C-யில் இருக்கும் சம்பளத் தொகையை இப்படி மாற்றலாம்:

```
=IF($B$1>12000,138000,120000)
```

கீழே போகும்போதும் இதே கதைதான். 3,000 பீஸுக்கு ஆர்டர் இறங்கினால் டெய்லர்கள் பீஸ் ரேட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அவர்களைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் காசு எந்தச் சூத்திரத்திலும் இல்லை. துணியைக் குறைவாக வாங்கினால் கிலோ விலையும் 400-ல் நிற்காது.

## அப்படியானால் நிலையான பட்ஜெட் எதற்கு?

தூக்கிப் போட வேண்டாம். மாத ஆரம்பத்தில் எத்தனை விற்கும் என்று யாருக்கும் தெரியாது, ஏதாவது ஒரு எண்ணை வைத்துத்தான் துணிக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும், வங்கியில் ஓ.டி. வரம்பு கேட்க முடியும், டெய்லர்களைச் சேர்க்க முடியும். விற்பனைக்கு வைத்த இலக்கும் அதில்தான் இருக்கிறது. 95,000 குறைந்ததைக் கண்டுபிடிக்கவே நிலையான பட்ஜெட் தேவைப்பட்டது அல்லவா? மாதம் முடிந்து செலவைத் தட்டிக் கேட்கும் நேரத்தில் மட்டும் அதை ஓரமாக வைத்துவிட்டு நெகிழ்வு பட்ஜெட்டை எடுக்க வேண்டும். வாடகை, சம்பளம் போன்றவற்றுக்கு இரண்டிலும் ஒரே எண்தான், அதனால் எதை எடுத்தாலும் வித்தியாசம் இல்லை. மாறும் செலவு அதிகம் உள்ள தொழிலில்தான் இரண்டுக்கும் நடுவில் இந்த அளவுக்கு இடைவெளி விழுகிறது. முழுக்கச் சம்பளமும் வாடகையும் மட்டுமே உள்ள ஒரு டியூஷன் சென்டருக்கு நெகிழ்வு பட்ஜெட் போட்டால், செலவுப் பக்கம் கிட்டத்தட்ட எதுவும் நெகிழாது.

நம் கம்பெனிக்கு அடுத்த மாதத் தாளில் செய்ய வேண்டிய மாற்றம் இதுதான். B1-ல் எண்ணை நேராகப் போடாமல், எம், எல், எக்ஸ்எல் என்று மூன்று கட்டம் வைத்து அவற்றின் கூட்டல் B1-ல் வரும்படி செய்ய வேண்டும், துணி வரிக்குச் சைஸ் வாரியாக 190, 210, 230 கிராமைப் போட வேண்டும். விற்பனை விலையையும் சைஸ் வாரியாகப் பிரிக்க வேண்டும். எக்ஸ்எல்லுக்கு எல் சைஸை விட 20 கிராம் துணி கூடுதல், 400 ரூபாய் விலையில் பீஸுக்கு 8 ரூபாய். அந்த 8 ரூபாயை வாங்காமல், போதாக்குறைக்கு மொத்த ஆர்டருக்கும் 2 ரூபாய் குறைத்து 178-க்கு ஒப்புக்கொண்டது யார் என்று கேட்டால், கட்டிங் டேபிளை விட்டு ஆர்டர் பிடிக்கிறவர் மேசைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.